றொசாந்தன் எக்ஸ்பிரஸ்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் என் கடை. கல்யாண அழைப்பிதழும் அடிப்பேன், கண்ணீர் அஞ்சலியும் அடிப்பேன். கடைக்குப் பெயர்ப்பலகை, வாகனத்துக்கு ஸ்ரிக்கர், படகுக்குப் பெயர், தேர்தல் வந்தால் நோட்டீஸ், எல்லாம் இந்தக் கைதான். முருங்கனிலிருந்து வந்து இங்கே கடை போட்ட நாளிலிருந்து, பெயர் என்றால் மனிதர்களுக்குப் பிடிக்கும் பைத்தியத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தொழில் தொடங்குகிறவன் என்னிடம் வந்து, "அண்ணை, நல்ல பேர் ஒண்டு சொல்லுங்கோ" என்பான். சொன்னால் கேட்கமாட்டான். கொஞ்சக்காலம் போனபின் வந்து, "அண்டைக்கு நீங்கள் சொன்னதையே வைச்சிருக்கலாம்" என்பான். அப்போது என் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

மதலேனா அக்காவை எனக்கு நெருக்கமாக்கியதும் ஒரு பெயர்தான். அந்தப் பெயரைத் தேடி அவர் வரவில்லை. அது ஏற்கெனவே அவர் மடியில் இருந்தது.

அக்கா பள்ளிமுனைக்காரி. சண்டைக்காலத்தில் படகேறி மண்டபம் முகாமுக்குப் போய், அங்கே இரண்டாவது பிள்ளையைப் பெற்று, திரும்பி ஊருக்கு வந்தவர். கணவர் கிறகரி கடற்றொழிலாளி. நெஞ்சுவலி என்று படுத்தவர் எழும்பவில்லை. அதற்குப் பிறகு அக்கா நண்டு வாடியில் நின்று நண்டைத் தரம்பிரித்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். மூத்தவள் நிறஞ்சலா. இளையவன் றொசாந்தன்.

சும்மா சொல்லக்கூடாது, றொசாந்தன் தங்கமான பொடியன். விடிய முன்னம் கடலுக்குப் போவான். கரைக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளில் நண்டுப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்கு ஓடுவான். தன் பெட்டி மட்டுமல்ல, ஊரார் பெட்டியும்தான். ஐஸ் உருக முன்னம் பெட்டி பஸ்ஸில் ஏறியிருக்கும். ஏறியதும் வாங்குகிறவருக்குப் போன் போகும். "றொசாந்தனிட்டக் குடுத்தால் போய்ச் சேரும்" என்பது இந்தக் கரையில் எல்லாரும் சொல்லும் பேச்சாகவே ஆகிவிட்டது. புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் அவன் முகத்தைக் கண்டிராத வியாபாரிகள் அவனுடைய நம்பரை வைத்திருந்தார்கள்.

ஒரு கார்த்திகை மாதம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. தலைமன்னார்ப் பக்கம் படகு மிதந்தது. வலை அப்படியே கிடந்தது. அவன் இல்லை. நேவியும் தேடியது, எங்கள் ஆட்களும் தேடினார்கள். கடல் அவனைத் தரவேயில்லை.

இறந்தவருக்குக் கொடுக்கும் முப்பத்தோராம் நாள் பூசை பற்றிப் பேசப் பங்குச் சுவாமி வீட்டுக்குப் போனார். அக்கா அவருக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, மரியாதையாகவே சொன்னாராம்.

"சுவாமி, உயிரோட இருக்கிறவனுக்கு முப்பத்தொண்டு குடுத்தால், அவன் வந்து என்னை ஏசுவான்."

சுவாமி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆத்துமாக்களின் நாளில் ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்.

கடலுக்குப் போன அன்று றொசாந்தன் தன் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அக்கா அந்தப் போனை அணையவிடவில்லை. தவறாமல் ரீலோட் போட்டார். பூசைக்குப் போனாலும் கைப்பைக்குள் அது இருக்கும். அவன் எங்காவது கரை ஒதுங்கி, யாரிடமாவது போன் வாங்கி எடுப்பதென்றால், அவனுக்கு மனப்பாடமான நம்பர் அது ஒன்றுதானாம்.

அவன் எடுக்கவில்லை. ஆனால் வெளியூர் வியாபாரிகள் எடுத்தார்கள். "றொசாந்தன் நிக்கிறாரோ? பெட்டி ஒண்டு இருக்கு." அக்கா சொல்வார், "அவன் இப்ப இல்லைத் தம்பி. பெட்டியை நான் அனுப்பி விடுறன்." நிறஞ்சலாவின் கணவன் எமிலை மோட்டார் சைக்கிளில் அனுப்பிவிடுவார். பெட்டி போய்ச் சேரும். ஒரு பெட்டி இரண்டானது, பிறகு எமிலால் தனியே ஏற்ற முடியாத அளவுக்கு வந்தது. நிறஞ்சலா துணிந்து, லீசிங்கில் ஒரு சின்ன வான் எடுத்தாள். என் கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்து ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி போட்டாள். கந்தோர் தயார். பெயர்தான் இல்லை.

பெயருக்காக மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். நான் கொம்பியூட்டரில் படங்களைக் காட்டினேன். எனக்கே வெறுப்புத்தான். அனுராதபுரம் வரைக்கும் ஓடுகிற எந்தக் கூரியர் வானைப் பார்த்தாலும் ஒரு மனிதன் பெட்டியோடு ஓடுவான், இல்லாவிட்டால் ஒரு பறவை பறக்கும். பெயரோ ஸ்பீட், ஜெற், ஃபிளாஷ். எல்லாரும் வேகம் என்றால் யாரை நம்புவது?

"சுகந்தன் அண்ணா, எனக்குக் கடைக்காரர் வேண்டாம், கொம்பனிக்காரர்தான் வேணும்" என்றாள் நிறஞ்சலா. "நண்டுக் கொம்பனி, மருந்து மொத்த வியாபாரி, இரத்தம் சோதிக்கிற லாப். அவையள் பாத்த உடனே, இதுகள் வேகமான ஆக்கள், நம்பிக் குடுக்கலாம் எண்டு நினைக்கோணும்."

"அப்ப நான் சொல்லுறதை முதல்ல கேள் பிள்ளை" என்றேன். "ஒரு தரம் போனில சொன்னால் மற்றப்பக்கம் இருக்கிறவன் திருப்பிக் கேக்காமல் எழுதோணும். வான் இரைச்சலுக்குள்ளயும் கேக்கோணும். மூண்டு பாசையிலயும் வானில எழுதலாமா இருக்கோணும். பதிவுத் துண்டிலயும் பில்லிலயும் பாங்க் கணக்கிலயும் ஒரே பேர் இருக்கோணும், இல்லாட்டிக் கொம்பனியின்ர கணக்குப் பகுதி உன்ர செக்கை எழுதாது."

"கடுகதி" என்ற பெயரை நான்தான் சொன்னேன். ரயிலுக்கு எழுதுகிற நல்ல தமிழ். பிரதேச செயலகத்தில் அதையும் விசாரித்துவிட்டே வந்திருந்தாள் நிறஞ்சலா. அந்தப் பெயரில் வேறொருவர் முன்பே பதிந்திருக்கிறாராம்.

எமில் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தோனியார் எக்ஸ்பிரஸ் எண்டு போடுவமே?" என்றான். அவன் வளர்ந்த இடத்தில் படகுக்குப் பெயர் என்றால் ஒன்று புனிதர், இல்லாவிட்டால் பிள்ளை.

"ஏன்டா எமில், பெட்டி பிந்தினால் அந்தோனியாரையா கூப்பிட்டு ஏசுறது?" என்றேன்.

நிறஞ்சலா வாய்விட்டுச் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொம்பனிக்காரனுக்கு வேகம் என்பது, பத்து மணிக்கு ஏற்றுவோம் என்றால் பத்து மணிக்கு வான் வாசலில் நிற்பது. நம்பிக்கை என்பது, சாமான் பிந்தும்போது போனை எடுக்கிற ஆள். பிழை நடந்தால் கூப்பிட்டு ஏச ஒரு பெயர் வேண்டும். அதைத்தான் அவன் வாங்குகிறான். இதை நான் நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, அதுவரை வாய் திறக்காமல் இருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்.

"அப்ப என்ர மகன்ர பேரைப் போடுங்கோ. எல்லாரும் அவனைத்தானே கேக்கினம்."

நிறஞ்சலா என்னைப் பார்த்தாள். நான் கொம்பியூட்டரைப் பார்த்தேன். யோசித்தால் பிழையே சொல்ல முடியாத பெயர். நம்பர் அவனுடையது. வியாபாரிகளின் போனில் ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறது. காசு கொடுத்தாலும் விளம்பரத்தில் கிடைக்காத நல்ல பெயர். நிறஞ்சலாவும் அதைத்தான் யோசித்திருப்பாள். தன் தாயின் முகத்தில் வெகுகாலத்துக்குப் பிறகு வந்த வெளிச்சத்தையும் பார்த்திருப்பாள். "சரி அம்மா" என்றாள்.

பதிவுக்கு அக்காவும் கூடவே போனார். உரிமையாளர் நிறஞ்சலா, வியாபாரப் பெயரில் றொசாந்தன். செயலகத்தில் இருந்த ஐயா, "இது ஆர், பங்காளியோ?" என்று கேட்டாராம். "என்ர மகன். வெளியில போட்டான், வந்திடுவான்" என்றாராம் அக்கா. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

வெள்ளை வானின் இரண்டு பக்கமும் நீல எழுத்தில் நானே ஒட்டினேன். றொசாந்தன் எக்ஸ்பிரஸ். ஓடுகிற மனிதனும் இல்லை, பறவையும் இல்லை. பெயர் மட்டும்தான். அக்கா முந்தானையால் ஒவ்வொரு எழுத்தையும் துடைத்தார். பிறகு உள்ளே போய், அந்தப் போனை மேசையில் வைத்து, முன்னால் உட்கார்ந்தார். அந்தக் கதிரை அன்றிலிருந்து அவருடையது.

சுவருக்கு அந்தப்பக்கம் அவர் பேசுவது எனக்கு நாள் முழுவதும் கேட்கும். காது கொஞ்சம் மந்தமானதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அக்கா பெட்டியைப் பற்றிச் சொன்னால் அது சத்தியம். "உங்கட பெட்டி இப்ப முருங்கன் தாண்டுது." "எமில் மதவாச்சியில நிக்கிறான், ஐஸ் மாத்துறான்." "இண்டைக்கு வராது தம்பி, பொய் சொல்லமாட்டன், நாளைக்குக் காலமை வரும்." எமிலைக் கேட்டு நிச்சயப்படுத்தாமல் ஒரு சொல் சொல்லமாட்டார். நண்டு வாடியில் செத்த நண்டை உயிர் நண்டோடு கலக்காத கை அது. வியாபாரிகள் அதற்காகவே வந்தார்கள்.

ஆனால், "றொசாந்தன் நிக்கிறாரோ?" என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் வேறு.

"அவன் வெளியில போட்டான். வந்துகொண்டிருக்கிறான்."

உள்ளூர் ஆட்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் கேட்பார்கள். முதலாளியின் பெயர் வானிலேயே இருக்கும்போது முதலாளியைக் கேட்பதில் என்ன பிழை? கேட்கக் கேட்க அக்காவுக்குச் சொல்லும் சொல் பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை. "இண்டைக்குச் சுணங்குவான்", "இப்ப கரையில நிப்பான்" என்று கூட்டிச் சொல்லத் தொடங்கினார். நிறஞ்சலா ஒருநாள் மதிலடியில் என்னிடம் சொன்னாள், "அண்ணா, அம்மா இப்ப நல்லாச் சாப்பிடுறா. நித்திரையும் கொள்ளுறா. நான் வாயைத் துறக்கப் பயப்பிடுறன்." எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என்ன செய்வது, நான் ஸ்ரிக்கர் ஒட்டுகிறவன்.

பிறகுதான் லாப் வந்தது. கொழும்பிலுள்ள தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். மன்னாரிலும் முருங்கனிலும் இரத்தம் எடுக்கும் கிளை போட்டிருந்தார்கள். காலையில் எடுத்த இரத்தம் ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் கொட்டவேண்டியதுதான். முதலில் பரீட்சார்த்தமாகக் கொடுத்தார்கள். நன்றாக ஓடினால் வடக்கு முழுவதும் ஒப்பந்தம். அது கிடைத்தால் இரண்டாவது வான். கிடைக்காவிட்டால் இருக்கும் வானையும் லீசிங்காரன் தூக்கிக்கொண்டு போவான். நண்டு சீசன் அந்த வருடம் படுத்துவிட்டது.

மாரியில் ஒருநாள் மதவாச்சி வீதியில் வெள்ளம் ஏறியது. எமில் மணிக்கணக்காக நின்றான். இரத்தம் பழுதாகிவிட்டது. அக்கா வெள்ளம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், அதில் குறையில்லை. லாப் மனேச்சர் அன்ரோனெற் என்ற பெண்பிள்ளை, முதலாளியோடு பேச வேண்டும் என்றாள். இனி மழைக்கு என்ன ஒழுங்கு செய்வார் என்று அவர் வாயால் கேட்க வேண்டுமாம். நியாயமான கேள்விதான்.

"பின்னேரம் எடுக்கச் சொல்லுறன் மகள்" என்றார் அக்கா.

பின்னேரம் யாரும் எடுக்கவில்லை. அன்ரோனெற் திரும்ப எடுத்தாள். "இன்னும் வரேல்லை மகள். வந்துகொண்டிருக்கிறான்." பிறகும் எடுத்தாள். அதே பதில். சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிறஞ்சலா தானே எடுத்துப் பேசினாள், நான்தான் உரிமையாளர் என்றாள். அப்படியானால் றொசாந்தன் யார் என்று அன்ரோனெற் கேட்டபோது, இவள் நேரே பதில் சொல்லாமல் மழுப்பிவிட்டாள். பக்கத்தில் அம்மா இருந்தார்.

அடுத்த கிழமை அன்ரோனெற் நேரிலேயே வந்து இறங்கினாள். கிளைகளைப் பார்க்க வந்தவள், அப்படியே இங்கேயும் எட்டிப் பார்த்தாள். நான் அந்த நேரம் கந்தோர் வாசலில் ஏணி வைத்து பலகை லைற்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிறஞ்சலா பின்பக்கம் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"றொசாந்தனைப் பாக்கலாமோ?" என்றாள் அன்ரோனெற்.

அக்கா எழுந்து கதிரையைத் துடைத்துக் கொடுத்தார். "இருங்கோ மகள். கடலுக்குப் போட்டான்."

"கூரியர் நடத்துறவர் கடலுக்கும் போறவரோ?" என்று சிரித்தாள் அவள்.

"அது அவன்ர பழக்கம்."

"எப்ப வருவார்?"

பெட்டி எங்கே நிற்கிறது என்று கேட்டால் சந்தியின் பெயரோடு சொல்லும் வாய், இதற்கு, "வருவான்" என்று மட்டும் சொன்னது. நிறஞ்சலா ஈரக்கையோடு வந்து நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"மிஸ், தம்பி இல்லை" என்றாள். "கடல்ல காணாமல் போட்டான். நாலு வருசமாகுது."

அக்கா மகளைப் பார்த்த பார்வையை நான் ஏணியில் நின்று பார்த்தேன். அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி, வானுக்கு மற்றப்பக்கம் போய் நின்றார்.

அன்ரோனெற்றைத் திட்டத்தான் எனக்கு ஆசை. ஆனால் அவள் சொன்னதில் பிழை பிடிக்க எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் அம்மா இருக்கிறா. விளங்குது" என்றாள். "ஆனா என்ர பெட்டிக்குள்ள இருக்கிறது நோயாளியின்ர இரத்தம். 'வந்துகொண்டிருக்கு' எண்டு இந்தப் போன் சொல்லேக்க நான் அதையே டொக்டருக்குச் சொல்லுறன். இல்லாத மனிசன் வாறான் எண்டு சொன்ன போன், இல்லாத பெட்டியும் வருது எண்டு சொல்லாது எண்டு நான் என்னெண்டு நம்புறது?"

நான் ஏணியிலிருந்தபடியே, "பெட்டியைப் பற்றி அவ ஒருநாளும் பொய் சொன்னதில்லை" என்றேன். கத்திவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

"அது மன்னார் ஆக்களுக்குத் தெரியும் அண்ணை" என்றாள் அவள். "கொழும்பில எங்களிட்ட இருக்கிறது இந்தப் பேர் மட்டும்தான். அந்தப் பேரைக் கூப்பிட்டால் ஒருத்தரும் வரேல்லை."

அவள் சொல்லிவிட்டுப் போனது இரண்டு விஷயம். தலைமைக் கந்தோர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதென்றால், இல்லாத ஆளின் பெயரில் வைக்காது. பெயரை மாற்றிப் புதிதாகப் பதிந்துகொண்டு வர வேண்டும். போனை வேறு ஆள் எடுக்க வேண்டும்.

மறுநாள் நிறஞ்சலா என் கடைக்கு வந்து ஒரு துண்டில் எழுதிய பெயரை வைத்தாள். நோத் டிறெக்ற், வடக்குக்கு நேரடி என்ற இங்கிலிஸ்.

"இதுக்குள்ள ஆர் இருக்கினம்?" என்றேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒருத்தரும் இல்லை அண்ணா. அதுதான் நல்லதாம்."

"ஆரும் சொல்லலாம், ஆரும் எழுதலாம், ஆருக்கும் ஞாபகம் இருக்காது. கடையில விக்கிற சவர்க்காரத்துக்கு இதைவிட நல்ல பேர் வைக்கிறாங்கள். உனக்கு வேற பேரே கிடைக்கேல்லையோ?"

"எனக்குப் பேர் வேண்டாம் அண்ணா, வான் வேணும்!" என்று கத்தினாள். பிறகு கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஊரில எல்லாரும் தங்கட தம்பியைப் பெட்டியில வைச்சு, நாலு பேராத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைக்கினம். நான் பிரதேச செயலகத்தில வரிசையில நிண்டு புதைக்கப்போறன். அம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்? அண்ணா, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"நான் மாட்டன் தாயே" என்றேன். என்னால் முடியாது. கேட்ட அவளுக்கும் அது தெரியும்.

அவளே சொன்னாள். பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுத்து, புதுப் பதிவு வந்து, பாங்கிலும் மாற்றி முடித்த பிறகு, ஸ்ரிக்கர் உரிக்கிற அன்று காலையில்தான் சொன்னாளாம். அக்கா, "ம்" என்று மட்டும் சொன்னாராம்.

வானை என் கடை வாசலில் வெயிலில் நிறுத்தியிருந்தோம். அக்கா பூசைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையில் வந்தார். நிறஞ்சலா, "அம்மா, நீங்கள் வீட்டில நிண்டிருக்கலாமே" என்றாள். அக்கா தன் கதிரையைக் கந்தோருக்குள்ளிருந்து தானே தூக்கிக்கொண்டு வந்து, வானுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மடியில் போன்.

நான் சூடு காட்டும் மெசினைப் பிடித்து, கடைசி எழுத்திலிருந்து உரிக்கத் தொடங்கினேன். அடியில் பசை இளகினால் எழுத்து தோல் மாதிரிக் கழன்று வரும். ஒவ்வொன்றாகக் கழன்றது. எமில் பக்கத்தில் நின்று கழன்றதை வாங்கினான். எக்ஸ்பிரஸ் போய்விட்டது. றொசாந்தனையும் உரித்தேன். உரித்து முடித்துவிட்டுப் பார்த்தால், பெயர் அப்படியே இருந்தது. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு வான் முழுவதும் மங்கிப் பழுத்திருக்க, எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் புது வெள்ளையாக நின்றது. தூரத்திலிருந்தே வாசிக்கலாம். எனக்கு இது தெரிந்த விஷயம்தான். எந்த வானிலும் இப்படித்தான். அதற்காகவே புது ஸ்ரிக்கரைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி வைத்திருந்தேன். ஆனாலும் அன்றைக்குக் கை ஓடவில்லை.

அப்போது போன் அடித்தது.

நிறஞ்சலா ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டார். புத்தளத்துக் கருவாட்டு வியாபாரி பவ்ஸான். அக்காவின் குரலைத் தவிர இந்த ஊரில் எதையும் அறியாதவன்.

"றொசாந்தன் எக்ஸ்பிரஸ்தானே? றொசாந்தன் நிக்கிறாரோ?"

அக்கா வானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளை எழுத்தைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இல்லைத் தம்பி."

"எப்ப வருவார் உம்மா?"

நிறஞ்சலா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மெசினை நிறுத்தினேன்.

"வரமாட்டான்" என்றார் அக்கா. "செத்திட்டான் தம்பி. என்ர பிள்ளை கடல்ல செத்திட்டான்."

"இன்னாலில்லாஹி" என்றான் பவ்ஸான். பதறிவிட்டான் பாவம். "எப்ப உம்மா? எப்ப நடந்தது?"

அதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான குரலில், "உங்கட பெட்டியை வேற வாகனத்தில ஏத்தி விட்டிருக்கு. இப்ப மதவாச்சி தாண்டியிருக்கும். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்னம் உங்கட கையில இருக்கும்" என்றார். போனை நிறுத்தி மகளின் கையில் கொடுத்தார். "இந்தா பிள்ளை. இனி நீ எடு" என்றார். நிறஞ்சலா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். அவள் அழுத அழுகையை உப்புக்குளம் வரைக்கும் கேட்டிருப்பார்கள். அக்கா அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

பிறகு என் கடைக்குள் வந்து கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தார். றொசாந்தன் மோட்டார் சைக்கிளில் இருந்து சிரிக்கிற படம்.

"முப்பத்தொண்டுக்கு அட்டை அடிக்கோணும் தம்பி. போற வழியில சுவாமியிட்டச் சொல்லிப்போட்டுப் போறன்."

இந்த அட்டைகளை நான் எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். கை தானாக ஓடும். படத்தைப் போட்டேன். பெயரைப் போட்டேன். வானில் போட்ட அதே எழுத்தில்தான் போட்டேன், அவர் கேட்கவில்லை, நானாகத்தான். கீழே, தோற்றம் என்று போட்டு அவன் பிறந்த நாளைக் கேட்டேன். மண்டபம் முகாமின் பெயரோடு சொன்னார். பிறகு, மறைவு என்று போட்டேன்.

இங்கேதான் நின்றுவிட்டேன். கடலுக்குப் போன நாளைப் போடுவதா, படகு கிடைத்த நாளைப் போடுவதா? இரண்டும் எனக்குத் தெரியும். எப்படிக் கேட்பது?

"அக்கா, திகதி?"

"இண்டையான் திகதியைப் போடு."

"அக்கா, அவன் போய் நாலு வருசம்..."

"நாலு வருசமா வாறான் எண்டு சொல்லி நான்தான் அவனை வைச்சிருந்தனான்" என்றார் மதலேனா அக்கா. "இண்டைக்குத்தான் என்ர வாயால செத்திட்டான் எண்டு சொன்னனான். இண்டைக்குத்தான் அவன் செத்தவன். போடு தம்பி."

போட்டேன். வெளியே எமில் புதுப் பெயரை ஒட்டுவதற்காக வானைக் கழுவிக்கொண்டிருந்தான்.